நூற்றுக்கு எத்தனை?

நாடி பார்ப்பவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்தச் சற்று நேரத்தில் நாடி ஒழுங்காக நடந்துவிட்டால், மற்ற நேரத்தில் அது போட்ட ஆட்டம் அவருக்குத் தெரியாது. இன்று அதே மணிக்கட்டில் ஒரு கடிகாரம் உட்கார்ந்துகொண்டு, வாரம் முழுவதும் கவனித்து, ஒரு சதவிகிதக் கணக்கை நீட்டுகிறது.

நியூ ஜெர்ஸியில் மகளோடு வசிக்கும் என் நண்பர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். வயது 71. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உண்டு. அவற்றோடு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற கோளாறும் சேர்ந்துகொண்டது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க அவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

இந்தக் கோளாறு உண்டென்று மருத்துவர் சொன்னவர்களுக்காகவே, 2022-ல் ஆப்பிள் கடிகாரத்தில் AFib History என்ற வசதி வந்தது. கடிகாரம் அணிந்திருந்த நேரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு நடுக்கத்தில் கழிந்தது என்று அது வாரந்தோறும் மதிப்பிடுகிறது. வாரத்தில் 5 நாளாவது, நாளுக்கு 12 மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும்.

பல வாரங்கள் நண்பருக்கு 3, 4 என்றே வந்தது. ஒரு வாரம் "2% or less" என்று வரவே, "ஸார், விட்டுப் போய்விட்டது. இனி அந்த மாத்திரை எதற்கு?" என்று தொலைபேசியில் உற்சாகமாகக் கேட்டார்.

அவருடைய மருத்துவர் அந்த உற்சாகத்தில் பங்கு கொள்ளவில்லை. கடிகாரம் பூஜ்யம் என்று காட்டுவதே இல்லை. அது இறங்கும் கடைசிப் படி இதுதான். மேலும், மாத்திரை வேண்டுமா என்பதை வயது, கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். சதவிகிதம் குறைந்ததால் வயது குறைந்துவிடாதல்லவா? மாத்திரை தொடர்ந்தது.

அதன் பிறகுதான் எண் ஏறத் தொடங்கியது. 5, 9, 14. நாளுக்கு 20 மணி நேரம் அணிபவருக்கு வாரத்தில் 140 மணி. அதில் 5 சதவிகிதம் என்றால் 7 மணி. 14 என்றால் ஏறக்குறைய 20 மணி. அந்த இருபதும் ஒரே மூச்சாக வந்தனவா, சில்லறை சில்லறையாக வந்தனவா என்பதை அந்த எண் சொல்லாது.

கணித ஆசிரியர் முதலில் வகுக்கும் எண்ணைச் சந்தேகித்தார். நடுக்கம் இரவில் மிகுதியாக வருபவர் பகலில் கடிகாரத்தைக் கழற்றி வைக்க ஆரம்பித்தால், நோய் ஏறாமலே சதவிகிதம் ஏறிவிடும். ஆனால் அவர் அணியும் நேரம் மாறவில்லை.

அடுத்த சந்தேகம் மருத்துவருடையது. கடிகாரம் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, பெரும்பாலும் கை அசையாத வேளைகளில், விட்டு விட்டுத்தான் நாடியைப் பார்க்கிறது. இடையிடையே தாவி வரும் சாதாரணத் துடிப்புகளைக்கூட அது நடுக்கம் என்று எண்ணிவிடலாம். ஆகவே மார்பில் ஒட்டும் சிறு பட்டையைக் கொடுத்து, 14 நாள் இதயத்தின் மின்னோட்டத்தையே பதிவு செய்தார். நடுக்கம் மெய்தான், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்.

வந்து போகும் கோளாறு நிலையாகத் தங்கப் பார்க்கிறது என்பதற்கு இந்த ஏற்றம் அடையாளமாக இருக்கலாம். அல்லது அதைத் தூண்டும் ஏதோ ஒன்று புதிதாக வந்திருக்கலாம்: தைராய்டுக் கோளாறு, மது, காய்ச்சல், தவறவிட்ட மருந்து. தைராய்டுப் பரிசோதனையில் குறையில்லை. இரவு என்ற குறிப்பைக் கேட்டதும் மகள்தான் சொன்னாள்: "அப்பா கொஞ்ச நாளாகப் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார், டாக்டர். நடுவில் மூச்சே நின்றுபோகிறது."

உறக்கப் பரிசோதனை அதையே உறுதி செய்தது. மூச்சு அடைபடும்போதெல்லாம் பிராண வாயு குறைகிறது. காற்றுக்காக மார்பு இழுக்கும் இழுப்பில் இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர் விரிகிறது. நடுக்கம் பிறக்க அது நல்ல விளைநிலம். இரவில் காற்றழுத்த முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

சில மாதங்களில் எண் 6-க்கு இறங்கியது. முகமூடி ஒன்றினால்தான் என்று மருத்துவர் சத்தியம் செய்யவில்லை. மறுபடி ஏறி நின்றால் தாளத்தைச் சீராக்கும் மருந்தையோ, கோளாறு பிறக்கும் இடத்தைச் சுட்டு அடக்கும் சிகிச்சையையோ யோசிக்கலாம் என்றார். ஒரு வாரத்து ஏற்றத்தைக் கண்டு பதற வேண்டாம், மூன்று நான்கு வாரம் ஒரே திசையில் போனால் வந்து காட்டும்படியும் சொன்னார். ஆனால் வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ, மார்பு வலித்தாலோ, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த நிமிஷமே மருத்துவமனை வண்டியை அழைக்க வேண்டும்.

நண்பர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டிருக்கிறார். ஒன்றில் வாரத்தின் சதவிகிதம். மற்றொன்றில் அந்த வாரம் எப்படித் தூங்கினார், என்ன மருந்து மாறியது என்ற விவரம். மருத்துவர் இரண்டாவது பத்தியைத்தான் முதலில் படிக்கிறாராம்.