மாதம் அரைமணி நேரம்: மைசூர் மைன்ஸிலிருந்து ஒரு மனைவியின் கடிதம்

ஒரே வீட்டில் வாழும் மனைவி கணவனுக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை என்ன? கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில் இக்கேள்விக்கு விடை எளிது. மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்பும் ஆண்களும் பெண்களும் அங்கு ஆயிரக்கணக்கில் உள்ளனர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. கணவனும் மனைவியும் விழித்த நிலையில் ஒருவரையொருவர் காணும் பொழுது மிகச் சிறிது. அந்தச் சிறு பொழுதில் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது சண்டையாகவே முடிகிறது.

1880இல் தொடங்கப்பட்ட மைசூர் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரையே இப்பகுதி இன்றும் சுமக்கிறது. சுரங்கம் இயங்கிய காலத்தில் வேலை, குடியிருப்பு, தண்ணீர், மருத்துவமனை யாவும் ஒரே கம்பெனியின் எல்லைக்குள் இருந்தன. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் கூலி தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் பெயர்ந்தது. முன்பு கம்பெனி கவனித்துக்கொண்ட பலவும் கைக்காசில் தீர்க்க வேண்டிய செலவுகளாயின. சம்பாதிக்கும் இடம் ஒன்று, செலவாகும் இடம் வேறொன்று. ஆகவே வரவை அறிந்தவர் ஒருவர், செலவை அறிந்தவர் மற்றொருவர். கீழே உள்ள கடிதம் இந்தப் பிளவிலிருந்து பிறந்தது. எழுதியவர் வீட்டில் தையல் வேலை செய்பவர். கணவர் ஒயிட்ஃபீல்டு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர்.

"அன்புள்ள மாமாவுக்கு,

நேரில் சொன்னால் பாதியிலேயே குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படியுங்கள்.

உங்கள் சம்பளமும் என் தையல் காசும் சேர்ந்து வருகிற பணம் எங்கே போகிறதென்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாதக் கடைசியில் நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள், நான் உங்களைக் கேட்கிறேன். மாதத்துக்கு ஒரு நாள், அரைமணி நேரம் மட்டும், நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாமா?

சம்பளம் ஏழாம் தேதி வருகிறது. அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம், அத்தை தூங்கியபின், பிள்ளைகள் விளையாடப் போனபின் பார்க்கலாம். அரைமணி ஆனதும் நிறுத்திவிடுவோம். மிச்சம் இருந்தால் அடுத்த மாதம்.

நோட்டு ஒன்றே ஒன்று. ஒரு மாதம் நீங்கள் எழுதுங்கள், ஒரு மாதம் நான் எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம் எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று மட்டும் கேட்போம். ஏன் என்று கேட்க வேண்டாம்.

கடன் இருந்தால் இந்த ஒரு தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். யாரும் கோபப்படக் கூடாது. நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆளுக்கு 300 ரூபாய், கணக்குக் கேட்காத காசாக இருக்கட்டும். மற்றபடி ஆயிரத்துக்கு மேல் போகும் செலவு எதுவானாலும் முன்னாலேயே சொல்லிக்கொள்வோம்.

ஒரு தடவைக்கு ஒரு முடிவு போதும். அதைத் தேதி போட்டு எழுதி வைப்போம்.

வேண்டாம் என்றால் இந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். சரி என்றால் ஞாயிறு சந்தைக்குக் காலையிலேயே போய் வந்துவிடுங்கள்."

இக்கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியது 'நாம்' என்னும் சொல். கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாடு தமிழில் உண்டு. குடும்பப் பணத்தைப் பற்றிய பேச்சு சச்சரவாகும்போது 'நான்', 'நீங்கள்' என்னும் இரண்டு சொற்களே எஞ்சி நிற்கும். கடிதத்தில் கேள்வி கேட்பவர் இருவராகவும் உட்காருபவர் 'நாம்' ஆகவும் அமைந்திருப்பது தற்செயல் அன்று.

இரண்டாவது, 'ஏன்' என்பதற்கான தடை. 'எவ்வளவு' என்ற கேள்வி ஓர் எண்ணைக் கேட்கிறது. 'ஏன்' என்ற கேள்வி ஒரு நியாயத்தைக் கேட்கிறது. நியாயம் சொல்ல வேண்டியவர் தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்குகிறார், அந்த இடத்தில் எண்கள் மறைகின்றன. 'நீங்கள் செலவழித்தீர்கள்' என்பதற்கும் 'செலவாயிற்று' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. முன்னது செய்தவரைச் சுட்டுகிறது. பின்னது நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறது. முதல் பத்து நிமிடத்துக்குப் பின்னது போதும். அதற்கு மேல் நீடித்தால் அதுவே ஒளிவிடமாகிவிடும் என்பதால்தான் தடை பத்து நிமிடத்தோடு முடிகிறது.

மூன்றாவது, நோட்டைக் கைமாற்றும் விதி. பிரித்தானியச் சமூகவியலாளர் ஜேன் பால், திருமணத்துக்குள் பணம் புழங்கும் முறைகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட நூலில், பணத்தை நிர்வகிப்பது வேறு, அதன்மீது அதிகாரம் கொள்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். வருமானம் குறைந்த வீடுகளில் பணத்தைப் பெரும்பாலும் பெண் நிர்வகிக்கிறாள். அங்கு அது அதிகாரமாக இருப்பதில்லை, போதாத பணத்தைப் போதச் செய்யும் சுமையாகவே இருக்கிறது. நோட்டு எப்போதும் மனைவியிடமே இருந்தால் பற்றாக்குறைக்கு அவளே பதில் சொல்ல வேண்டும். எப்போதும் கணவனிடமே இருந்தால் கூட்டம் விசாரணையாகிவிடும்.

முதல் ஞாயிறு என்ன நடந்தது என்பதை எண்களோடு பார்ப்பது பயனுடையது. கணவரின் சம்பளம் 19,000, தையல் வருமானம் 4,500, ஆக வரவு 23,500 ரூபாய். மளிகையும் காய்கறியும் 7,500, பள்ளிக் கட்டணமும் வேனும் 3,200, ரயில் பாஸும் வெளியில் சாப்பாடு, தேநீரும் 2,300, எரிவாயு, மின்சாரம், தொலைபேசி 1,900, மாமியாரின் மருந்து 1,200, மகளிர் குழுக் கடன் தவணை 2,450, சீட்டு 2,000. கூட்டினால் 20,550. மீதம் 2,950 இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாதமும் பற்றாக்குறையே வந்தது.

காரணத்தில் ஒரு பகுதி நான்காம் விதியில் வெளிப்பட்டது. கணவர் உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் 20,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆக மாதம் 600. மனைவி தம் சங்கிலியை அடகு வைத்து 30,000 வாங்கியிருந்தார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 300. இருவரும் மற்றவருக்குத் தெரியாமல் வட்டி கட்டிவந்தனர். இந்த 900 போக மீதம் 2,050.

மற்றொரு பகுதி, கடன்கள் வாங்கிய தேதிகளில் இருந்தது. ஒன்று ஜூனில், பள்ளி திறக்கும்போது. மற்றொன்று டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன். புத்தகம், சீருடை, ஆண்டுக் கட்டணம் 12,000, பண்டிகைத் துணிமணி 9,000, ஆக 21,000 ரூபாய் ஆண்டுதோறும் தவறாமல் வருகிற செலவு. அது மாதக் கணக்கில் எழுதப்படாததால் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத செலவைப் போல வந்து கடனாக மாறியது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,750. அதையும் கழித்தால் உண்மையில் மிஞ்சுவது 300 ரூபாய் மட்டுமே. இருவரில் யாரும் பணத்தை வீணாக்கவில்லை. 2,950 இருப்பதாக இருவரும் நம்பியதே பிழை.

அன்றைய ஒரு முடிவு சீட்டைப் பற்றியது. அது 20 பேர் கொண்ட 40,000 ரூபாய்ச் சீட்டு. பதினைந்தாம் மாத ஏலம் வரவிருந்தது. 3,000 தள்ளி எடுத்தால், கமிஷன் 2,000 போக, கையில் 35,000 வரும். 20,000 கொடுத்து மூன்று வட்டிக் கடனை அடைத்துவிட்டு, 15,000 ரூபாயை அடகுக் கடனில் கட்டினால் மாத வட்டி 900இலிருந்து 150 ஆகக் குறையும். மாதம் 750 மிச்சம். கடைசி மாதம்வரை காத்திருந்தால் தள்ளு இல்லை. ஆனால் ஐந்து மாதத்தில் 3,750 வட்டியாகப் போயிருக்கும். எனவே தள்ளு 3,750க்குள் நின்றால் எடுப்பது, அதைத் தாண்டினால் விட்டுவிடுவது என்று நோட்டில் எழுதினார்கள். எடுத்தபின்னும் மாதத் தவணை 2,000 நிற்காது என்பதை அடியில் எழுதியவர் கணவர்.

கணக்குக் கேட்காத காசு, ஆளுக்கு 300, அம்மாதம் இயலவில்லை. இருந்த 300ஐ ஆளுக்கு 150 ஆகப் பிரித்துக்கொண்டனர். இவ்விதியைச் சலுகை என்று எண்ணலாகாது. தேநீருக்கும் பூவுக்கும் கணக்குக் கேட்கப்படும் வீட்டில்தான் சிறு பொய்கள் தொடங்குகின்றன. சிறு பொய் பழகிய இடத்தில் 20,000 ரூபாய்க் கடனும் ஒளிந்துகொள்ளும்.

இத்தகைய கூட்டம் பழுதாவதற்கு அடையாளங்கள் உண்டு. இரண்டு மாதம் தொடர்ந்து ஒருவர் கையெழுத்தே நோட்டில் இருப்பது ஒன்று. அரைமணி ஒன்றரை மணியாவது இன்னொன்று. அப்போது பேச்சு கணக்கிலிருந்து பழைய குறைகளுக்குப் போயிருக்கும். எல்லா எண்களும் முழு நூறுகளாகவே வருவது மூன்றாவது. அவை நினைவிலிருந்து சொல்லப்பட்டவை, எழுதிவைத்தவை அல்ல.

இதற்கு எல்லையும் உண்டு. கணவன் குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில் இக்கடிதம் பயன்படாது. அங்கே கடனைச் சொல்வதே ஆபத்து. அவ்வீட்டுப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பும், தம் பெயரில் தனிக் கணக்கும். மேலும் 23,500 ரூபாயை எத்தனை ஞாயிறு கூட்டினாலும் அது 23,500தான். மூடிய சுரங்கத்துக்கு ஈடான வேலை ஊரிலேயே கிடைக்காதவரை ரயில் நேரம் குறையப்போவதில்லை. இந்த அரைமணி செய்யக்கூடியது ஒன்று: பற்றாக்குறைக்கு ஒருவரையொருவர் காரணமாகக் கருதிவந்த இருவரும் அதன் உண்மையான அளவை ஒரே தாளில் பார்க்கிறார்கள். சீட்டு 2,800 தள்ளில் கிடைத்தது. இரண்டாம் மாதப் பக்கம் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. முதல் வரி, ஜூன் மாதத்துக்காக ஒதுக்கிய 1,750.