சுவரும் தோலும், நடுவில் காற்றும்

தீவகத்துச் சுருவிலில் ஒரு வீட்டின் நான்கு சுவர்களும் ஒரே விதமாகப் பழுதாவதில்லை. வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களில் பூச்சு பொருமி, பாசி படிந்து நிற்கிறது. மேற்குச் சுவரில் பாசி இல்லை. ஆனால் பின்னேரம் உள்ளே கை வைத்தால் சுடுகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வரும் மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கிறது. சித்திரை வெயிலோ மாலையில் மேற்குச் சுவரில் நேரே விழுகிறது. இரண்டுக்கும் மேசன்மார் செய்யும் பரிகாரம் ஒன்றுதான்: பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்தைக் கூட்டிப் பூசுவது. அங்கு நான் பார்த்த சுவர்களும் வேலைகளும் வேறொன்றை எண்ண வைக்கின்றன. சுவரின் தோலைத் தடிப்பாக்குவதை விட, சுவரிலிருந்து விலக்கி இன்னொரு தோலை நிறுத்தி, இடையில் காற்றை ஓடவிடுவதே இரண்டு கேட்டுக்கும் பொருந்தும்.

தடித்த சீமெந்துப் பூச்சு ஏன் தோற்கிறது? வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் பூச்சில் மயிரளவு வெடிப்பு விழாமல் இராது. அந்த வெடிப்பு நீரைத் தானாகவே உறிஞ்சும். போதாததற்குக் காற்றும் தள்ளும்: செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஏறக்குறைய 240 பாஸ்கல் அழுத்தம் தரும், அது 24 மில்லிமீற்றர் உயர நீர்த்தம்பத்தின் எடைக்குச் சமம். உள்ளே போன நீர், சீமெந்துப் பூச்சின் பின்னால் சிறைப்படுகிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட பழைய சுவரானால் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே மூச்சாக விட்டுவிடும். அதன் மேல் போட்ட சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் கேர்பி கார்டன் 1963இல் எழுதிய சிறு கட்டுரை இந்தத் தோல்விக்கு விடை சொன்னது. நோர்வேயில் பலகை வேய்ந்த சுவர்களை ஆராய்ந்தவர்களும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஓட்டையே இல்லாத மேற்பரப்பைத் தேடாதே, ஓட்டை வழியே நீரைத் தள்ளும் விசையை அகற்று என்பதே அதன் சாரம். வெளித்தோலுக்குப் பின்னால் திறந்த காற்றுவெளி இருந்தால், காற்று வீசும்போது அந்த வெளியின் அழுத்தமும் வெளியழுத்தத்துக்கு நெருங்கிவிடும். தோலின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்றால் நீரைத் தள்ள ஆளில்லை. வேகத்தில் தெறித்து உள்ளே வரும் சில துளிகள் தோலின் பின்புறத்திலேயே வழிந்து அடியால் வெளியேறும். இடைவெளி 25 மில்லிமீற்றராவது இருந்தால் அவை தாண்டிச் சுவரைத் தொடுவது அரிது. தீவகத்தில் மண்சுவரின் மழைப்பக்கத்தில் ஓலைச் செத்தையை நிறுத்துகிறவர்களின் கைவேலையிலும் இதே ஒழுங்கு இருக்கிறது: செத்தை சுவரில் முட்டாமல் சலாகையில் கட்டப்படுகிறது, அடி நிலத்தைத் தொடுவதில்லை, தலை தாழ்வாரத்தின் கீழ் திறந்திருக்கிறது.

ஓலையை விட்டுத் தகரத்துக்கு மாறும்போதுதான் இந்த ஒழுங்கு குலைகிறது. நெளிதகரத்தை நெளிவு மேலிருந்து கீழாக வரும்படி நிறுத்துவார்கள். அதை ஆணியடிக்கக் கிடையான சலாகை வேண்டும். எனவே தச்சர் சலாகைகளைக் கிடையாகச் சுவரிலேயே அறைந்துவிடுகிறார். ஒவ்வொரு சலாகையும் ஒரு தட்டாகிறது. தகரத்தின் பின்னால் வழிந்த நீர் அதன் மேல் தங்கி, மரத்தை ஊறவைத்து, ஆணித்துளை வழியே சுவருக்குள் போகிறது. காற்றோட்டமும் தட்டுக்குத் தட்டு தடைப்படுகிறது. சலாகை நின்ற உயரத்திலேயே அறையின் உள்ளே கிடைக்கோடாக ஈரக்கறை விழுந்தால் பிழை இதுதான். திருத்தம் எளிது: முதலில் சுவரோடு 40 மில்லிமீற்றர் தடிப்புள்ள சலாகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் மேல் கிடைச் சலாகை அறைந்து, பிறகு தகரம். ஒரு சுற்று மரம் கூடும், அவ்வளவே. அடியில் நிலத்திலிருந்து ஒரு சாண் விட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் தெறிக்கும் நீர் உள்ளே போகும். மூலையில் மட்டும் இடைவெளியை மேலிருந்து கீழ்வரை ஒரு பலகையால் அடைக்க வேண்டும். காற்று மோதும் சுவரில் அழுத்தம், அடுத்த சுவரில் இழுப்பு. மூலை திறந்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் காற்று பாய்ந்து, அழுத்தச் சமநிலை போய், மழையையும் கூட இழுத்துவரும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, காற்றோட்டத்துக்குக் கொடுக்கப்படும் புகழ் கொஞ்சம் அதிகம் என்பதே என் கருத்து. மூன்று மீற்றர் உயரச் சுவரின் பின்னே சூடான காற்று மேலேறுவது உண்மை. 40 மில்லிமீற்றர் இடைவெளியில் செக்கனுக்கு 0.3 மீற்றர் வேகத்தில் ஓடும் காற்று எட்டுப் பாகை சூடேறி வெளியேறினால், சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறக்குறைய 38 வாற்று வெப்பத்தை அள்ளிச் செல்லும். ஆனால் மாலை வெயில் அதே சதுர மீற்றரில் பல நூறு வாற்றைக் கொட்டுகிறது. அதன் பெரும்பங்கைத் தடுப்பது வெளித்தோல் தரும் நிழலும், அந்தத் தோல் திரும்ப வெளியே விடும் வெப்பமுமே. மீதியில் பெரும்பகுதி காற்றின் வழியாக அல்ல, கதிர்வீச்சாகவே சூடான தகரத்திலிருந்து சுவருக்குத் தாவுகிறது. ஆகவே தகரத்தின் வெளிமுகத்தை வெள்ளையடிப்பதும், உள்முகத்தைப் பளபளப்பாக விடுவதும் இடைவெளியைப் பெருப்பிப்பதை விடப் பயன் தரும். ஓட்டம் நடக்கிறதா என்று அறிய, நண்பகலில் அடித் திறப்பருகே சாம்பிராணிப் புகை காட்டினால் போதும். புகை உள்ளே இழுபட்டு மேலே வெளிவந்தால் வழி திறந்திருக்கிறது.

தாழ்வாரத்தை நீட்டினால் இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். நேராக விழும் மழைக்கும் உச்சி வெயிலுக்கும் தாழ்வாரம் போதும். ஆனால் சாய்மழையும் சாயங்கால வெயிலும் அதன் அடியால் வருபவை. வேறொரு கேள்வி இன்னும் கனமானது: சுவர் நனைவதே நிலத்திலிருந்து ஏறும் உவரீரத்தால் என்றால்? அப்போது வெளித்தோல் காரணத்தைத் தொடாது. உப்புப் பூப்பதை மறைத்து வைக்கும். இரண்டையும் பிரித்தறிய முடியும். நிலத்து ஈரம் நான்கு சுவரிலும் முழங்கால் அல்லது இடுப்பளவு வரை ஒரே மட்டத்தில் நிற்கும். மழையீரம் வாடைப்பக்கத்தில் மட்டும், பெருமழைக்குப் பின்னே, திட்டுத் திட்டாக எழும். முதலாவது இருந்தால் அத்திவாரத்தைக் கவனிக்காமல் தோல் போடக் கூடாது.

எலியும் குளவியும் இடைவெளியில் குடியேறும் என்ற பயம் நியாயமானது. மேலும் கீழும் நுண்கம்பி வலை அறைவது அதனால்தான். வலையில் தூசி அடைத்தால் காற்றும் நிற்கும் என்பதால் மழைக்கு முன் ஒரு முறை துடைக்க வேண்டும். கடலுப்பில் நாக முலாம் பூசிய ஆணி துருப்பிடித்துத் தலை கழலும். தகரம் போகுமுன்னே ஆணி போகிறது, எனவே துருப்பிடிக்கா உருக்கு ஆணிக்குக் கூடுதல் செலவு செய்வதே சிக்கனம். 2008 கார்த்திகையில் வந்த நிஷா போன்ற புயலில் காற்று முதலில் பிய்ப்பது விளிம்பையும் மூலையையும் என்பதால், நடுவை விட அங்கே ஆணி நெருக்கமாக இருக்க வேண்டும். தீயைப் பற்றிய எச்சரிக்கைக்கு மறுப்பே இல்லை. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் எரியும் வெளித்தகடும் காப்புப்பொருளும் தீயை மேலே கொண்டுபோனதில் 72 பேர் இறந்தார்கள். அங்கே தோலுக்குப் பின்னிருந்த இடைவெளியும் தீக்கு வழியானது. ஆகவே சுருவிலில் அடுப்படிச் சுவருக்கு ஓலைச் செத்தை ஒவ்வாது. அங்கு தகரமே வேண்டும், அதன் சலாகையும் இரும்பாக இருக்க வேண்டும், அடுப்புப் புகைபோக்கி அந்த இடைவெளிக்குள் திறக்கவே கூடாது.