நள்ளிரவில் வந்த ‘ஹாய்’

இரவு 8 மணி முதல் 12 மணி வரை எனக்கு ஒலிபரப்பு. நிகழ்ச்சி முடிந்து கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது ஊரே உறங்கிக்கொண்டிருக்கும். என் மூளை மட்டும் பகல் பதினொரு மணி போல விழித்திருக்கும். போன வருடம் அப்படி ஒரு வியாழக்கிழமை இரவு, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடி செமினியில் இருக்கும் ஓர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் “ஹாய் அக்கா” என்று அனுப்பினேன். மணி 12.07.

கேட்க நினைத்தது இவ்வளவுதான்: போன வாரம் கல்யாணத்துக்கு அவர் போட்டு வந்த ரவிக்கையைப் பிரிக்ஃபீல்ட்ஸில் யார் தைத்தது? முதலில் ஒரு ‘ஹாய்’, அவர் பதில் போட்டதும் விஷயம் என்று நினைத்தேன். பதில் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு காஜாங் வந்து, குளித்துவிட்டுப் படுத்துவிட்டேன். கைப்பேசி ஒலி அணைந்தே கிடந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கு எழுந்து பார்த்தால், “என்னம்மா? ஏதும் பிரச்சனையா?” என்று 12.19க்கு ஒரு செய்தி. அதன் பிறகு, பதில் எடுக்காத இரண்டு அழைப்புகள்.

அன்று மாலை அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய அப்பா பக்கவாதம் வந்து மூன்று நாளாக மருத்துவமனையில் இருந்தார். இரவில் கைப்பேசி ஒலித்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் ஏதோ என்று பதறி எழுந்திருக்கிறார். என் பெயரைப் பார்த்ததும் அந்தப் பயம் போய், வேறு பயம் வந்திருக்கிறது. “நீ தனியா கார் ஓட்டிக்கிட்டு வர்ற பொண்ணு. நடுராத்திரியில ஹாய்ன்னு போட்டுட்டு அப்புறம் சத்தமே இல்ல. போன் அடிச்சாலும் எடுக்கல. நான் என்னன்னு நினைக்கிறது?” கணவரையும் எழுப்பிவிட்டிருக்கிறார். இருவரும் தூங்கும்போது இரண்டரை. அவர் பள்ளி ஆசிரியை. 5.15க்கு எழ வேண்டியவர்.

ஒரு ரவிக்கைக்காக!

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். நேரில் ஒருவரைப் பார்த்து ‘ஹாய்’ சொன்னால் நம் முகம் மீதியைச் சொல்லிவிடும். சிரிக்கிறோமா, அழுகிறோமா, சும்மாதான் வந்திருக்கிறோமா என்று அவருக்குத் தெரியும். திரையில் வரும் ‘ஹாய்’க்கு முகம் கிடையாது. வானொலியில் அறிவிப்பாளர் “வணக்கம்” என்று சொல்லிவிட்டு இருபது விநாடி பேசாமல் இருந்தால், நேயர் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார். நிலையத்தில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார். வெறும் ‘ஹாய்’க்குப் பின் வரும் மௌனமும் அப்படித்தான்.

பகலில் அந்த மௌனத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரவில் அப்படியில்லை. நம் வீடுகளில் அகால நேரத்தில் மணி அடித்தால் சாவுச் செய்தி என்றே பழகிவிட்டோம். கைப்பேசி வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அறிமுகம் குறைந்த ஓர் ஆணிடமிருந்து ஓர் இளம் பெண்ணுக்கு அந்த நேரத்தில் ‘ஹாய்’ வந்தால், அவள் வேறொன்றை நினைத்துப் பயப்படுவாள். அவளுக்கு மேலதிகாரியாக இருந்தால் இன்னும் சங்கடம். பதில் போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அலுவலக அழைப்புக்கும் செய்திக்கும் பதில் சொல்லாமலிருக்க ஊழியருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அனுப்புவதற்குத் தடை இல்லை. பதில் சொல்ல மறுத்தது நியாயமா என்று பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, எதற்காகத் தொடர்புகொண்டார்கள் என்பது. வெறும் ‘ஹாய்’யில் அந்தக் காரணம்தான் இல்லை. இப்போதே எழ வேண்டுமா, காலையில் பார்த்தால் போதுமா என்று முடிவு செய்ய வழியில்லாமல் போகிறது.

சரி, எத்தனை மணி வரை அனுப்பலாம்? நம் கடிகாரத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர் எத்தனை மணிக்கு எழுவார் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த ஆசிரியை அக்காவையே எடுத்துக்கொள்வோம். எழுவது 5.15. ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 10.15க்குப் படுக்க வேண்டும். படுக்குமுன் ஓர் அரை மணி நேரம் அவருக்கே வேண்டும், அது 9.45. ஒரு செய்தி போனால் இரண்டு பதிலாவது வரும், அதற்கு இன்னோர் அரை மணி. ஆக, அவருக்கு என் கடைசி நேரம் 9.15. என் மூளை அப்போதுதான் சூடு பிடிக்கும் என்பது என் பிரச்சனை, அவருடையது அல்ல.

இதே கணக்கு வேறொருவருக்கு வேறு விடை தரும். பாங்கியில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தோழி காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி மூன்று மணி வரை தூங்குகிறாள். நாம் நாகரிகமான நேரம் என்று நினைக்கும் காலை 10 மணி அவளுக்கு நடுநிசி. மலாய்த் தோழிகளுக்கு நான் ஏழேகாலுக்கு அனுப்புவதில்லை, மக்ரிப் தொழுகை முடியட்டும் என்று விட்டுவிடுவேன்.

திருச்சியில் இருக்கும் பெரியம்மா மகன் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு “ஹாய்” போடுவார். இங்கே அப்போது சரியாக நள்ளிரவு 12. அவர்மேல் தப்பில்லை, அவர் ஊரில் அது பேசும் நேரம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அண்ணனிடம் இதை ஒருமுறை சொன்னேன், இப்போது ஏழு மணிக்கே அனுப்பிவிடுகிறார். லண்டனில் படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் காலை ஒன்பதுக்கு அனுப்புவதும் இதே கதைதான். அங்கே அப்போது விடியற்காலை ஒன்று, கோடையில் இரண்டு.

உண்மையிலேயே அவசரம் என்றால்? அப்போது எழுதவே கூடாது, அழைக்க வேண்டும். ‘தொந்தரவு செய்யாதே’ என்று வைத்திருக்கும் கைப்பேசியிலும், அனுமதித்திருந்தால், ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை வரும் அழைப்பு ஒலிக்கும். எழுத்தில் அனுப்பும் அவசரம் விடியும் வரை பார்க்கப்படாமலே கிடக்கலாம்.

தவறி அனுப்பிவிட்டால் பலர் உடனே அழித்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். செய்தி போய், அழிக்கப்பட்டது என்ற அடையாளம் மட்டும் நிற்கும். என்னவோ சொல்ல வந்து மறைத்துவிட்டார் என்று அவர் காலை வரை யோசிப்பார். அதற்குப் பதில் உடனே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “அவசரம் இல்லை, நாளைக்குப் பேசலாம்.”

நான் இப்போது நள்ளிரவில் தோன்றுவதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைக்கிறேன். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் யாருக்கும் அனுப்பத் தேவைப்படாதவை. டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் Schedule Message வரும். காலை நேரத்தைக் குறித்துவிட்டால் அதுவே போய்ச் சேரும்.

அக்காவின் அப்பா வீடு திரும்பிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு எழுதினேன்: “அக்கா, அப்பா எப்படி இருக்கிறார்? கல்யாணத்தில் நீங்கள் போட்டிருந்த ரவிக்கை தைத்தவரின் எண் வேண்டும். தீபாவளிக்குத்தான், நேரம் கிடைக்கும்போது அனுப்பினால் போதும்.”

இரண்டு நிமிடத்தில் எண் வந்தது. கூடவே ஒரு வரி: “அப்பா இப்ப நடக்கிறார்மா. ஞாயிற்றுக்கிழமை பசியாற வீட்டுக்கு வா.”