காய்ச்சல் விட்ட நாள்

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் திரும்பிய மூன்றாம் நாள் காய்ச்சல். பெட்டியில் அம்மா கொடுத்தனுப்பிய நிலவேம்புக் குடிநீர்ப் பொடி இருந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. 2012 டெங்குப் பரவலின்போது தமிழக அரசே வழங்கிய கஷாயம். காய்ச்சி, கசப்பை விழுங்கினேன்.

நான்காம் நாள் உடல் குளிர்ந்தது. “கஷாயம் கேட்டுடுச்சும்மா” என்றேன். அன்று மாலையே விடாத வயிற்றுவலி. மூன்று முறை வாந்தி. மனைவி என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

மருத்துவர் முதலில் கேட்டது, “எங்கே போய்வந்தீர்கள்?” ரத்தப் பரிசோதனை டெங்கு என்றது. தட்டணுக்கள் குறைந்திருந்தன, ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியுமாம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி எல்லாம் அதன் அறிகுறிகள். வீட்டில் இருந்த ஐபுப்ரோஃபெனைத் தொடாதது நல்லது என்றார். அது ரத்தப்போக்கைக் கூட்டும்.

இரண்டு நாள் சலைன் ஏறியது. அந்தக் கசியலைக் கஷாயம் நிறுத்தாது. அளந்து ஏற்றிய நீர்தான் என்னைத் தாங்கியது.

பொடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அம்மா இப்போது போனில் கேட்பது வேறு: “காய்ச்சல் விட்டப்புறம் எப்படிடா இருக்கு?”