'ஐ' என்ற ஓர் எழுத்து

அமெரிக்கப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். அங்கே ஒரு டிசம்பர் முதல் வாரத்தில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சினைப்பை முறுக்கிக்கொண்டதால் நவம்பர் தொடக்கத்தில் அவசர அறுவை நடந்திருந்தது. அதன்பின் தொற்று. நான்கு வாரமாக அவள் எந்த வகுப்புக்கும் வரவில்லை. இன்கம்ப்ளீட் தர முடியுமா, மீதியை ஏப்ரல் இறுதிக்குள் முடித்துத் தரலாமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி கடைசிப் பத்தியில் இருந்தது. அதற்கு முன் ஐந்து பத்திகள் அவள் உடம்பைப் பற்றியவை. எத்தனை மணி நேரம் வாந்தி, எந்த இடத்தில் வலி, எவ்வளவு ரத்தம், தையல் போட்ட இடம் எப்படிச் சீழ் வைத்தது என்று எல்லாம் இருந்தது. ஏழு இடங்களில் மன்னிப்பு.

அந்த ஐந்து பத்திகளில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை. அங்கே மருத்துவர் கடிதம் மாணவர் நல அலுவலகத்துக்குப் போகும். அந்த அலுவலகம் ஆசிரியர்களுக்கு அனுப்புவது இரண்டே வரி: இந்த மாணவி இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வரமுடியாத நிலையில் இருந்தது சரிபார்க்கப்பட்டது. நோயின் பெயர் அதில் இருக்காது. ஆசிரியர் அதைக் கேட்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் பெண் பிள்ளைகள் எழுதுகிறார்கள். வலி என்று மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதைப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆகவே ரத்தத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். நம் ஊரில் இது தலைகீழ். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய், காண்டொனேஷன் கட்டி விண்ணப்பம் எழுத வரும் பெண்கள், மாதவிடாய்க் கோளாறாக இருந்தாலும் 'கடும் காய்ச்சல்' என்றே எழுதுவார்கள். அங்கே எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கிறது, இங்கே எதையும் சொல்ல முடிவதில்லை. இரண்டுக்கும் ஆணிவேர் ஒன்றுதான்.

அவள் சொல்லாமல் விட்டவைதான் எனக்கு வேண்டியவை. எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, எது பாக்கி, அதை வகுப்புக்கு வராமல் தனியாகச் செய்ய முடியுமா?

இன்கம்ப்ளீட் என்பது மதிப்பெண் பட்டியலில் 'ஐ' என்ற ஒற்றை எழுத்தாக நிற்கும். அது சலுகை மதிப்பெண் அல்ல, மதிப்பெண்ணைத் தள்ளிவைப்பது மட்டுமே. பாடத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கவேண்டும், முடித்தவரையில் தேறும் நிலையில் இருக்கவேண்டும், தடை மாணவியின் கையை மீறியதாக இருக்கவேண்டும். மறுபடி ஒரு பருவம் வகுப்பில் உட்கார்ந்தால்தான் முடியும் என்றால் அதற்கு 'ஐ' பொருந்தாது.

அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து வாரப் பருவம். வாரப் பயிற்சிகள் வாரத்துக்கு இரண்டு மதிப்பெண் வீதம் முப்பது, இரண்டு இடைத்தேர்வுகள் முப்பது, பேச்சுத் தேர்வு பத்து, இறுதிக் கட்டுரை இருபது, இறுதித் தேர்வு பத்து. அவள் விழுந்தது பதினோராம் வாரம். பத்து வாரப் பயிற்சிகளும் இரண்டு இடைத்தேர்வுகளும் பேச்சுத் தேர்வும் முடிந்திருந்தன. அறுபதுக்கு ஐம்பத்து மூன்று எடுத்திருந்தாள். நல்ல மாணவி. ஆனால் அப்படியே மதிப்பெண் போட்டால் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று, அதாவது தோல்வி. பாடத்திலிருந்து விலகினால் தோல்வி இராது. ஆனால் பத்து வார உழைப்பு போய்விடும், இன்னொரு முறை கட்டணம் கட்டிப் படிக்கவேண்டும். பாக்கி நாற்பது மதிப்பெண்ணுக்கான வேலையோ முழுக்கத் தனியாகச் செய்யக்கூடியது. 'ஐ' இதற்காகவே இருப்பது.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, மாணவிகள் பெரும்பாலும் படிக்காமல் கையெழுத்திடுவது: கெடுவுக்குள் முடிக்காவிட்டால் 'ஐ' எந்த மதிப்பெண்ணாக மாறும்? பாக்கிக்குப் பூஜ்யம் போட்டுக் கணக்கிட்டு அதை நான் நிரப்பவேண்டும். அவளுக்கு அது 'எஃப்'. தொலைபேசியில் கூப்பிட்டு அதைச் சொன்னேன். சற்றுநேரம் பேச்சே இல்லை. பிறகு, நான்கு பாடத்துக்கும் இதையே கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

அங்கேதான் உண்மையான ஆபத்து இருந்தது. அவள் அரசு உதவித்தொகையில் படிப்பவள். எடுத்த கிரெடிட்டுகளில் சுமார் அறுபத்தேழு சதவீதம் முடித்திருந்தால்தான் உதவித்தொகை தடையின்றித் தொடரும் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் விதி. 'ஐ' வாங்கிய பாடம் எடுத்ததாகக் கணக்கில் சேரும், முடித்ததாகச் சேராது. முதலாண்டில் முப்பது எடுத்து இருபத்தேழு முடித்திருந்தாள். இந்தப் பருவம் பதினைந்து. நான்கு பாடத்திலும் 'ஐ' என்றால் நாற்பத்தைந்துக்கு இருபத்தேழு, அறுபது சதவீதம். அது எச்சரிக்கைப் பட்டியல். வேதியியலில் ஆய்வக வேலை முடிந்து தேர்வு மட்டும் பாக்கி, புள்ளியியலிலும் அப்படியே. இந்த இரண்டின் ஆசிரியர்களிடமும் மதிப்பெண் பதியும் தேதிக்கு முன்னால் மறுதேர்வு கேட்கச் சொன்னேன். ஏழு கிரெடிட் முடிந்தால் முப்பத்து நான்கு, எழுபத்தைந்து சதவீதம் தாண்டிவிடும். தமிழுக்கும் வரலாற்றுக்கும் மட்டும் 'ஐ'. உதவித்தொகை அலுவலகத்திலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளச் சொன்னேன். இந்தக் கணக்கைப் பாட ஆசிரியர்கள் பலர் பார்ப்பதில்லை, பார்க்கவேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்வதுமில்லை.

ஏப்ரல் இறுதி என்ற தேதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் அடுத்த பருவ முடிவுவரை அனுமதிக்கும். கருணையுள்ள ஆசிரியர்கள் அதையே கொடுப்பார்கள். ஆனால் ஜனவரியில் புதிய பாடங்கள் தொடங்கிவிடும், ஏப்ரலில் அவற்றின் தேர்வுகள் வரும். பழைய கடன் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். மொழிப்பாடத்தில் இன்னொன்றும் உண்டு: நான்கு மாதம் தொடாவிட்டால் வேற்றுமை உருபுகள் நாக்கைவிட்டுப் போய்விடும். மேலும் எனக்கு மே மாதம்வரைதான் ஒப்பந்தம். ஆகவே ஜனவரி 20க்குள் ஐந்து வாரப் பயிற்சிகள், பிப்ரவரி 10 கட்டுரை, பிப்ரவரி 24 தேர்வு என்று பிரித்து எழுதினேன். மருத்துவர் ஜனவரி முதல் படிக்கலாம் என்று சொல்லியிருந்ததைக் கேட்டுக்கொண்டுதான் இந்தத் தேதிகள். வகுப்புக்கு வைத்த அதே வேலைகள்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வினாத்தாளும் மதிப்பெண் பிரிப்பும் துறை அலுவலகத்தில் ஒரு பிரதி. நான் இல்லாவிட்டாலும் வேறொருவர் திருத்தி முடிக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த மாணவிகள் எப்படி எழுதுவது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: "உங்கள் தமிழ் இரண்டாம் நிலைப் பாடத்தில் படிக்கிறேன். நவம்பர் 4 முதல் உடல்நலக் குறைவால் வரமுடியவில்லை. மாணவர் நல அலுவலகத்தில் மருத்துவச் சான்று கொடுத்திருக்கிறேன். இதுவரை அறுபது மதிப்பெண்ணுக்கான வேலை முடிந்திருக்கிறது. ஐந்து பயிற்சிகளும் கட்டுரையும் தேர்வும் பாக்கி. இன்கம்ப்ளீட் கிடைக்குமா? பிப்ரவரி இறுதிக்குள் முடிக்க முடியும் என்று நினைக்கிறேன்." இதை மதிப்பெண் பதியும் தேதிக்கு முன்னால் அனுப்பவேண்டும். பதிந்த பிறகு அனுப்பினால் அது மதிப்பெண் மாற்ற மனு. வழி வேறு, கதவும் குறுகல்.

அந்தக் கடிதத்தில் மன்னிப்பு எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தாள்.

அறுவை நடந்தவள் பயிற்சிகளை ஒரு நாள் முன்னாலேயே அனுப்பினாள். கட்டுரை மூன்று நாள் தாமதம்; காய்ச்சல் திரும்பியிருந்தது. இந்த முறை மின்னஞ்சல் இரண்டு வரி: உடல்நலம் சரியில்லை, 13ஆம் தேதி தருகிறேன், நல அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டேன். 'சரி' என்று பதில் போட்டேன். மார்ச் முதல் வாரம் மதிப்பெண் மாற்றப் படிவம் அனுப்பினேன், 'ஐ' இருந்த இடத்தில் 'பி பிளஸ்' ஏறியது. வரலாற்றுப் பாடத்தின் 'ஐ' மட்டும் ஏப்ரல்வரை அப்படியே நின்றது. அந்தப் பேராசிரியர் தாராளமாகக் கெடு கொடுத்திருந்தார்.