ஐந்தாவது சீட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றேகால் இருக்கும். கடலூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, டாரோ சீட்டுக்கட்டிடம் ஒரே கேள்வியை ஐந்தாவது முறையாகக் கேட்டேன். "அவன் என்கூட இருப்பானா?" சீட்டு நேராக வந்தால் ஆம், தலைகீழாக வந்தால் இல்லை. முதல் நான்கும் தலைகீழ். ஐந்தாவது நேர். அப்பாடா என்றிருந்தது. கீழே இறங்கிப் படுப்பதற்குள் அந்த அப்பாடா காணாமல் போய்விட்டது.

அவன் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவன். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆய்வேடு எழுதத் தொடங்கியதும் பதில்கள் தாமதமாயின. வாரம் ஒருமுறை விளையாட்டாகச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்த நான், ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் சீட்டு எடுக்கும் நிலைக்கு வந்தேன்.

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆம், இல்லை இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஐந்து முறை எடுத்தால், ஒரு முறையாவது 'ஆம்' வர 32-இல் 31 வாய்ப்பு, அதாவது ஏறக்குறைய 97 சதவீதம். அவன் இருந்தாலும் போனாலும் இதே 97தான். தோல்வியடைந்த டெஸ்ட்டைப் பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினால் ஜூனியர்களைத் திட்டுவேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இந்த ஆசை நமக்குப் புதிதில்லை. கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, இரு முனையும் கூடினால் காதலன் வருவான் என்று பார்ப்பதைக் கூடல் இழைத்தல் என்பார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நான்காம் திருமொழி முழுக்க இதுதான். ஒருமுறை வரைவது ஆசை. கூடாத வட்டத்தை அழித்து அழித்து, கூடும்வரை வரைந்துகொண்டே இருப்பது வேறு. எத்தனை சீட்டு எடுத்தோம் என்பதைவிட, வந்த பதிலோடு நிறுத்த முடிந்ததா என்பதே அடையாளம். 'இல்லை' வந்தால் கேள்வியை மாற்றிக் கேட்கிறோமா? 'ஆம்' வந்த பிறகும் மறுபடி எடுக்கிறோமா? யாராவது வந்தால் கட்டை ஒளிக்கிறோமா? எனக்கு மூன்றும் இருந்தன.

உடனே நிறுத்தவில்லை. ஒரு வாரம் நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதினேன்: எப்போது எடுத்தேன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நிம்மதி எவ்வளவு நேரம் நின்றது. 23 முறை எடுத்திருந்தேன். அதில் 17, அவன் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாத ஒரு மணி நேரத்துக்குள். நிம்மதி ஒருமுறைகூட நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை.

கட்டாயப் பழக்கங்களுக்கு மனநல மருத்துவத்தில் ஒரு வழி உண்டு. பதற்றம் வரட்டும், அதற்கு வழக்கமாகச் செய்வதை மட்டும் செய்யாமல் இருப்பது. சீட்டு எடுத்தால்தான் பதற்றம் அடங்கும் என்று மனசு பழகியிருக்கிறது. எடுக்காமலும் அடங்கும் என்பதை அது அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரம், கை போனதும் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம் முப்பது. நேரம் முடிந்தும் வேண்டுமென்றால் ஒரே ஒரு சீட்டு. பாதி நாள் அதற்குள் வேகம் குறைந்துவிட்டது.

இதில் ஒரு இடத்தில் சறுக்கினேன். சீட்டைத் தொடாமல், அவன் வாட்ஸப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்த்தேன். தோழியிடம், "அவன் என்ன நினைக்கிறான்னு உனக்குத் தோணுது?" என்று கேட்டேன். அவள், "ஏய், நேத்தும் இதைத்தானே கேட்ட?" என்றாள். அப்போதுதான் புரிந்தது, அவளும் எனக்கு ஒரு சீட்டுக்கட்டு. "இனிமே இதுக்குப் பதில் சொல்லாதடி" என்றேன். அதன்பிறகு நான் ஆரம்பித்தாலே டீ போடப் போய்விடுவாள்.

நோட்டு காட்டிய 17 முறைக்கும் பதில் தெரிந்தவன் ஒருவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் கீழவீதியில் காபி குடித்துக்கொண்டே சொன்னேன். "ரெண்டு நாள் நீ பேசலன்னா, நான் வேண்டாதவளா ஆயிட்டேனோன்னு தோணுது. வேலைன்னா ஒரு வார்த்தை போட்டுடு."

கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடைசிவரைக்கும் இருப்பேன்னு இப்ப எப்படிச் சொல்றது? ஆனா சொல்லாம காணாமப் போக மாட்டேன்" என்றான்.

சீட்டு தந்த 'ஆம்'ஐவிட இது குறைவுதான். ஆனால் காப்பாற்றக்கூடிய ஒருவன் தந்த வார்த்தை. அதையும் தினமும் கேட்டால் அவனும் சீட்டாகிவிடுவான். அதனால் திரும்பக் கேட்பதில்லை.

எல்லாருக்கும் இது இவ்வளவில் அடங்காது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனாலோ, தூக்கமும் வேலையும் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 அரசின் இலவச டெலி மனஸ் எண். தமிழிலேயே பேசலாம்.

கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. போன வாரம் ஒரு நாள் கை போனது. முப்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். அது அடித்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.