ஏட்டில் 82 கிலோ: சத்துணவுத் தணிக்கைக் குறிப்புகள்

சத்துணவு மையத்தில் எல்லாப் பதிவேடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் கணக்கு சரி என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் அரிசிச் செலவு தனியாக அளந்து எழுதப்படுவதல்ல. சாப்பிட்டவர் எண்ணிக்கையைத் தொடக்க வகுப்புக்கு 100 கிராமாலும், ஆறு முதல் எட்டு வரை 150 கிராமாலும் பெருக்கி எழுதுவது. முட்டைச் செலவும், காய்கறி விறகுக்கான உணவூட்டுச் செலவும் அதே எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரே எண்ணை மூன்று ஏட்டில் எழுதினால் மூன்றும் ஒத்துத்தான் போகும். அதில் பொருத்திப் பார்க்க ஒன்றுமில்லை.

*

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எந்த எண்ணை வேறொரு கை, வேறொரு நேரத்தில் எழுதியது என்பதுதான். வகுப்பு வருகைப் பதிவேடு ஆசிரியர் காலையில் போடுவது. அரிசி வரவு, லாரியோடு வரும் சீட்டில் இருப்பது. வெறும் சாக்கு கையால் எண்ணக்கூடியது. விற்ற சாக்குக்குப் பணம் கட்டிய ரசீதும் இருக்க வேண்டும். கிடங்கறையில் உள்ள அரிசி தராசில் நிற்பது. இவை எல்லாம் அமைப்பாளரின் பேனாவுக்கு வெளியே இருப்பவை. தணிக்கை இவற்றிலிருந்து தொடங்கி அவருடைய ஏட்டுக்குப் போக வேண்டும். ஏட்டிலிருந்து இவற்றுக்கு வரக் கூடாது.

*

சேர்க்கை எண் உச்சவரம்பு மட்டுமே. சேர்ந்தவர் எல்லாரும் வருவதில்லை, வந்தவர் எல்லாரும் மையத்தில் சாப்பிடுவதில்லை. வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சாப்பிட்டவர் எண்ணிக்கை வருகையைவிடக் கூடினால் அது நடக்க முடியாதது. மாதம் முழுவதும் வருகைக்குச் சமமாகவே இருந்தால் நம்பத் தயங்க வேண்டியது.

*

ஒரு நடுநிலைப் பள்ளியை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒன்று முதல் ஐந்து வரை 62 பேர், ஆறு முதல் எட்டு வரை 48 பேர். மாதத்தில் 20 வேலைநாள். சத்துணவு ஏட்டின்படி தினமும் சராசரி 60 பேரும் 46 பேரும் சாப்பிட்டார்கள். அரிசி ஒரு நாளைக்கு 12.9 கிலோ, மாதத்துக்கு 258 கிலோ.

மாதத் தொடக்க இருப்பு 90 கிலோ, எடை போட்டு எழுதியது. வரவு ஐந்து மூட்டை, 250 கிலோ. ஆக 340. அதில் 258 போக ஏட்டு இருப்பு 82. அறையில் எடை போட்டால் 80. இரண்டு கிலோதானே, சிந்தியது சிதறியது என்று பார்வைக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இப்போது வகுப்பு வருகையை எடுப்போம். சராசரி 53 பேர், 39 பேர். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சாப்பிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 11.15 கிலோ, மாதத்துக்கு 223 கிலோ. 340இல் 80 இருப்புப் போக, அறையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு காட்டுவது 260. அதில் 37 கிலோவுக்குச் சாப்பிட ஆளில்லை.

*

37 கிலோவும் திருட்டா? அவசரப்படக் கூடாது. அறையில் பிரிக்காத மூட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தராசில் ஏற்றி, சாக்கின் எடையைக் கழித்தால் நிகரம் 48.2 கிலோ. 1.8 கிலோ குறைவு. ஐந்து மூட்டையும் இப்படியே வந்திருந்தால் 9 கிலோ வரவே இல்லை. பிரித்த மூட்டைகளை இனி எடை போட முடியாது என்பதால் இது மதிப்பீடுதான். ஆனாலும் விளக்கம் கிடைக்காத அளவு 37இலிருந்து 28 ஆகிறது.

“எடை போட்டு இறக்கணும்னா லாரிக்காரர் நிப்பாராங்க ஐயா? இறக்கிப் போட்டுட்டு அடுத்த ஸ்கூலுக்குப் போயிடுவாரு” என்றார் ஓர் அமைப்பாளர். சீட்டில் 50 என்று கையெழுத்துப் போட்டாயிற்று. குறைந்த அரிசியை ஏட்டில் சரிக்கட்ட ஒரே வழி, வராத பிள்ளை சாப்பிட்டதாக எழுதுவது. போலி வருகையின் ஒரு வேர் கிடங்குக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது.

*

இன்னொரு வேர், மிச்சம் காட்டப் பயம். 100 கிராம் என்பது கணக்குக்கான அளவு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு சாப்பிடாது. எட்டாம் வகுப்புப் பையன் இரண்டாம் முறை தட்டை நீட்டுவான். உண்மையான செலவு அளவுக்கு மேலும் கீழும் ஆடும். மிச்சத்தை எழுதினால் அடுத்த மாத ஒதுக்கீடு குறையும், கேள்வியும் வரும். அதனால் ஏடு எப்போதும் அளவின்படியே முடிகிறது. கிராம் பிசகாத ஏடு சமையலறையில் எழுதியதல்ல.

*

மாதச் சராசரி பலதை மறைக்கும். நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், ஊர்க் கோயில் திருவிழா, அடைமழை. வகுப்பு வருகை இந்த நாட்களில் சரியும். சத்துணவு ஏட்டில் அன்றும் 106 என்றிருந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொள்ளலாம். போகிற நாளில் பந்தியில் தலை எண்ணி, அதை முந்தைய வாரங்களின் அதே கிழமையோடு ஒப்பிடுவதும் பயன் தரும். தணிக்கையாளர் வந்த அன்று மட்டும் எண்ணிக்கை குறைந்தால், குறைந்தது பிள்ளைகள் அல்ல.

*

முட்டை நல்ல சாட்சி. கரண்டியில் கூடக் குறைய அள்ள முடியாது, ஆளுக்கு ஒன்று. நம் எடுத்துக்காட்டில் ஏட்டுச் சாப்பாடு 2,120, வருகைப்படி அதிகபட்சம் 1,840. மிகை 280. தினமும் முட்டை உண்டென்றால் 280 முட்டைக்கும் கணக்கு கேட்க வேண்டும். முட்டை சாப்பிடாதவருக்கு வாழைப்பழம் தருவதால் அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

*

பணத்தில் எவ்வளவு? 2022 அக்டோபரில் இந்திய அரசு திருத்திய சமையல் செலவு, தொடக்க நிலைக்கு ரூ.5.45, உயர்தொடக்க நிலைக்கு ரூ.8.17. மிகைச் சாப்பாடு இரு பிரிவிலும் 140. பெருக்கினால் 763 ரூபாயும் 1,143.80 ரூபாயும், மொத்தம் ரூ.1,906.80. ஆனால் தமிழ்நாட்டில் பருப்பும் எண்ணெயும் பொருளாகவே வந்துவிடுகின்றன. முழு விகிதத்தையும் ரொக்க மிகை என்று எழுதினால் அது தணிக்கையாளரின் மிகை. காய்கறி, மளிகை, எரிபொருளுக்கு அந்த மாதத்தில் நடப்பிலிருந்த அரசாணை விகிதத்தால் மட்டும் பெருக்க வேண்டும். விகிதம் மாறிய தேதியும் முக்கியம்: 2024 டிசம்பர் 1 முதல் மேற்சொன்ன மத்திய விகிதங்கள் 6.19, 9.29 ஆயின. பழைய மாதத்துக்குப் புது விகிதத்தில் கேட்ட பட்டியல்கள் இந்தத் தேதியில்தான் சிக்கும்.

*

இது ஏதோ ஓர் ஊரின் கதையல்ல. மதிய உணவுத் திட்டம் பற்றிய இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2015ஆம் ஆண்டு 36ஆம் அறிக்கை, சாப்பிட்டவர் எண்ணிக்கை மிகைப்படுத்தப்படுவதைப் பல மாநிலங்களுக்கும் பொதுவான குறையாகவே சொன்னது.

*

குறிப்பெழுதும்போது 37 கிலோவை ஒரே வரியில் ‘பற்றாக்குறை, அமைப்பாளரிடம் வசூலிக்க’ என்று முடிக்க வேண்டாம். எடைக் குறைவு 9 என்பது மதிப்பீடு; விளக்கமில்லாதது 28; பணக் கோரிக்கை மிகை தனி. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு. இறக்கும்போதே ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் மூட்டையை எடை போடுவதும், மிச்சத்தை மிச்சமென்று எழுதினால் தண்டனை இல்லை என்று எழுத்தில் சொல்வதும் நடக்காதவரை, அடுத்த ஆண்டும் ஏடுகள் அழகாக ஒத்துத்தான் போகும்.